கதிரைக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து

கடத்தூரில் பெண்கள் பள்ளிக்கூடமும் வாசகசாலையும் ஒரே கட்டடத்தில் நடந்தன. பகலில் பள்ளிக்கூடம், மாலை ஐந்து மணிக்கு மேல் அதே கூடத்தில் பத்திரிகைகளை விரித்து வைத்தால் வாசகசாலை. இரண்டுக்கும் நான்தான் பியூன். காலையில் மணி அடிப்பேன், கரும்பலகை துடைப்பேன். மாலையில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு விளக்கேற்றுவேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. தமிழ் தடையில்லாமல் படிப்பேன். ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தெரியும். சேர்த்துப் படிக்கத் தெரியாது. நாலு பேர் கூடி நின்றால் எனக்குப் பேச்சு வராது. நாற்பது வயதிலும் அப்படித்தான் இருந்தேன்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அந்த டீச்சரம்மா எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அவர் கணவர் பாப்பிரெட்டிப்பட்டிக்காரர். யாழ்ப்பாணத்தில் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போன இடத்தில் அந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டார். பிறகு காய்ச்சல் கண்டு அங்கேயே இறந்துபோனார். மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு மாமியார் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்தில் ஆசிரியப் பயிற்சி முடித்தவர் என்று எங்கள் மானேஜர் வேலையும் கடத்தூரிலேயே தங்க ஓர் அறையும் கொடுத்தார். ஆனால் இலங்கைச் சான்றிதழ் இங்கே செல்லாது. இன்ஸ்பெக்டரம்மா வந்து, அவர் பாடம் நடத்துவதைப் பார்த்து, நல்லபடியாக ரிப்போர்ட் எழுதினால்தான் வேலை உறுதி. இல்லையென்றால் மாமியார் வீட்டில் மருமகளாக மட்டும் இருக்க வேண்டும். அந்த வீட்டில் அவர் மகளைப் படிக்க வைக்க விருப்பமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

அவர் பாடம் நடத்துவதைக் கதவுக்கு வெளியே நின்று கேட்பேன். கணக்கைக்கூடக் கதை போலச் சொல்வார். பிள்ளைகளை ஒருநாளும் அதட்டியதில்லை. யாராவது அவசரப்பட்டுத் தப்பாகச் சொன்னால், "ஆறுதலா யோசிச்சுச் சொல்லு பிள்ளை" என்பார். முதல் நாள் அதைக் கேட்டு, பிள்ளைக்கு வீட்டில் ஏதோ துக்கம் போல, அதற்குத்தான் ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்தேன். நிதானமாக என்று அர்த்தம் என்பது அப்புறம் தெரிந்தது. ஒரு மாதத்துக்குள் வகுப்பில் இருந்த முப்பது பிள்ளைகளும் அப்படியே பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

வினை அங்கேதான் வந்தது.

மானேஜர் கடலை மண்டி வைத்திருந்தவர். ஊரில் பழைய குடும்பம், நிறைய நிலம். பள்ளிக்கூடத்துக்காகச் சொந்தக் காசைச் செலவழித்த நல்ல மனிதர். ஆனால் எதையும் ஒரு தடவைதான் சொல்வார். ஒருநாள் காலையில் வந்து, டீச்சரம்மா வகுப்பில் இருக்கும்போதே வாசலில் நின்று என்னிடம் சொன்னார்.

"ஏப்பா, எம் பேத்தி நேத்து வூட்ல கதிரையைக் கொண்டாங்குது. என்னான்னு கேட்டா நாற்காலியாம். கல்லக்காவைக் கச்சாங்குது. எங்கம்மா என்னைக் கேக்கறாங்க, புள்ளையை எந்தச் சீமைக்குடா படிக்க அனுப்பறன்னு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கதிரைங்கறது தமிழே இல்லைன்னு நெனைக்கறன். மெட்ராஸ்ல அச்சான அகராதி நம்மகிட்ட இருக்குதில்ல? இன்ஸ்பெக்டரம்மா வர்றதுக்குள்ள அதுல பாத்துடணும். தப்புன்னு இருந்தா நானே அந்தம்மாளை நிறுத்திடறன். பரீட்சையில புள்ளைங்க பேரு கெடக் கூடாது."

அந்த அகராதியைச் சேலத்துக்குக் குடிபோன ஒரு வக்கீல் எங்கள் வாசகசாலைக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பல பாகங்கள், ஒவ்வொன்றும் அரிசி மூட்டை மாதிரி கனம். யாரும் தொட்டதில்லை. தூசி தட்டுவது மட்டும் என் வேலை. அன்று மாலை பத்திரிகை படிக்க வந்தவர்கள் போனதும் ககரத்தில் தொடங்கும் சொற்கள் உள்ள பாகத்தை எடுத்துப் பிரித்தேன்.

கதிரை இருந்தது. எனக்கு மூச்சு வந்தது. நாற்காலி என்று பொருள் போட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் கொக்கி மாதிரி வளைந்த ஓர் ஆங்கில எழுத்து, ஒரு புள்ளியோடு. 'ஜே' என்ற எழுத்து. கதைத்தல் என்ற சொல்லைப் பார்த்தேன். அதில் பேசுதல் என்ற பொருளுக்குப் பக்கத்திலும் அதே எழுத்து. கச்சானைப் பார்த்தேன், நாங்கள் கல்லக்கா என்கிற நிலக்கடலைதான். அதே எழுத்து. நெல்லிடைக் கலந்த கல் போல மற்ற சொற்களுக்கு நடுவில் இவை மட்டும் அந்த எழுத்தோடு நின்றன.

நான் படித்த காலத்தில் எங்கள் வாத்தியார் சொல்வது எழுதுதலைத் திருத்தும்போது, பிழையான சொல்லுக்குப் பக்கத்தில் 'பி' என்று ஒரே எழுத்துப் போடுவார். எத்தனை 'பி' என்று எண்ணி அத்தனை அடி கொடுப்பார். அந்த வழக்கம் என் கையிலேயே பதிந்திருந்தது. மெட்ராஸில் படித்த பெரியவர்கள் ஆங்கிலத்தில் போடுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அந்த அம்மாள் பேசுகிற சொல்லையெல்லாம் தேடித் தேடிப் பிழை என்று குறித்து வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பாகத்தைப் பழைய பத்திரிகைக் கட்டுகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து மானேஜர் கேட்டார். "பைண்டிங்குக்குப் போயிருக்குதுங்க" என்றேன். நான் அவரிடம் சொன்ன முதல் பொய் அது. அவர் நம்பிவிட்டார். என்னை நம்பாமல் இருக்க அவருக்குக் காரணம் இல்லை.

அந்த வார இறுதியில் பள்ளி விட்ட பிறகு டீச்சரம்மாவே வாசகசாலைக்கு வந்தார். மகள் வெளியே புளியமரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்தது.

"அண்ணை, ககரப் பாகம் ஒருக்கா தாங்கோ."

நான் வரிசையைப் பார்த்தேன். நடுவில் ஒரு பாகத்து இடம் காலியாக, பல் விழுந்த வாய் போல இருந்தது. அவரும் அதைப் பார்த்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை. போய்ப் பத்திரிகைக் கட்டுகளை விலக்கி எடுத்து வந்து மேசை மேல் வைத்தேன்.

"ஏன் ஒளிச்சு வச்சியள்?"

கதிரை இருந்த பக்கத்தைப் பிரித்து, அந்த எழுத்தின் மேல் விரலை வைத்தேன். "தப்புன்னு போட்டிருக்குதுங்க. மானேஜர் பாத்தா…" என்று நிறுத்தினேன்.

அவர் அந்த எழுத்தைக் குனிந்து பார்த்தார். அப்புறம் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை.

"பிழையெண்டு ஆர் சொன்னது? அகராதியை நடுவில திறந்தால் இப்படித்தான். முன்பக்கத்தை முதல்ல பாக்க வேணும்."

முன்னால் சில பக்கங்கள் முழுக்கக் குறுக்கங்களின் பட்டியல். எழுத்து இடப்பக்கம், விரிவு வலப்பக்கம். அவர் விரலால் இறங்கிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தி, ஒவ்வோர் எழுத்தாகச் சேர்த்துப் படித்துக் காட்டினார். அந்தக் கொக்கி எழுத்துக்கு நேரே ஆங்கிலத்தில் ஜாஃப்னா, அதாவது யாழ்ப்பாணம் என்றிருந்தது.

"இது ஊர்ப் பேர் அண்ணை. இந்தச் சொல்லு எங்க புழங்குது எண்டு சொல்லுது. சரியோ பிழையோ எண்டு சொல்ல இல்லை."

எனக்கு வெட்கமாகவும் நிம்மதியாகவும் இருந்தது. ஆனாலும் ஒரு சந்தேகம். "நாற்காலிக்கு ஏனுங்க ஒண்ணும் போடலை?"

"நல்ல கேள்வி. எல்லா இடத்திலயும் எழுதிற சொல்லுக்கு அடையாளம் தேவையில்லை எண்டு விட்டிருக்கினம். இன்னொண்டும் பாருங்கோ." கதை என்ற சொல்லுக்குத் திருப்பினார். "கதை எண்ட பெயருக்கு அடையாளம் இல்லை, அது உங்களுக்கும் எங்களுக்கும் பொது. கதைக்கிறது, பேசுறது எண்ட பொருளுக்கு மட்டும்தான் போட்டிருக்கு. சொல்லுக்கு இல்லை, பொருளுக்குத்தான் அடையாளம்."

அன்றிலிருந்து எனக்கு அந்தப் புத்தகத்தின் மேல் ஒரு பைத்தியம் பிடித்தது. விளக்கைத் துடைத்து வைத்துவிட்டு ஒரு பக்கமாவது பார்ப்பேன். எங்கள் ஊர்ச் சொற்களைத் தேடினேன். சிலவற்றுக்குப் பக்கத்தில் வேறு மூன்று எழுத்துகள் இருந்தன. டீச்சரம்மாவைப் பட்டியலில் பார்க்கச் சொன்னேன், இடவழக்கு என்று பொருள். எந்த இடம் என்று இல்லை. கல்லக்கா இல்லவே இல்லை.

"யாழ்ப்பாணத்துக்குத் தனி எழுத்து இருக்குதுங்க. நமக்கு இல்லைங்களே" என்றேன். அவரிடம் மட்டும் எனக்குப் பேச்சு வர ஆரம்பித்திருந்தது.

"எங்கட ஊரில முன்னமே ஆக்கள் சொல்லுகளைச் சேர்த்து அச்சடிச்சு வச்சிருந்தவை. அதாலதான் இவைக்குத் தெரிஞ்சது. ஆரும் எழுதிக் குடுக்காட்டி மெட்ராஸில இருக்கிறவைக்கு எப்பிடித் தெரியும்?"

அப்படித்தான் துண்டு எழுதும் வேலை தொடங்கியது. பழைய பரீட்சைத் தாள்களின் எழுதாத பக்கத்தை ஒரே அளவாக வெட்டிக் கொடுப்பது என் வேலை. ஒரு துண்டுக்கு ஒரு சொல். மேலே சொல். அதன் கீழே பொருள். அதன் கீழே அந்தச் சொல்லைக் கேட்ட வாக்கியம், சொன்னவர் சொன்னபடியே. கடைசியில் சொன்னவர் எந்த ஊர், அந்தச் சொல்லை எங்கே பழகினார். பிள்ளைகள் வீட்டில் கேட்டு வந்து சொல்வார்கள். டீச்சரம்மா ஒரு சட்டம் வைத்திருந்தார்: ஒரு வீட்டில் மட்டும் கேட்ட சொல்லுக்கு ஊர் அடையாளம் போடக் கூடாது. அது அந்த வீட்டு வேடிக்கையாக இருக்கலாம். இரண்டாவது வீட்டிலும் கேட்ட பிறகுதான் போடலாம்.

ரப்பர் விலை விழுந்தபோது மலாயாவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் சில இருந்தன. அவர்களில் ஒருவர் மகள் கொண்டுவந்த சொற்கள் ஒரு கட்டு சேர்ந்தன. அவர் சாலையைச் சடக்கு என்பார். ரப்பரைக் கித்தா என்பார். காலையில் யாரைப் பார்த்தாலும் "பசியாறிட்டியா?" என்று கேட்பார். அதற்குக் காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று பொருள். அதை எழுதும்போது அந்தப் பிள்ளை சொன்னது, "எங்கப்பா கேக்கறப்ப எல்லாரும் சிரிக்கறாங்க டீச்சர். காலங்காத்தால எங்கப்பா பிச்சை போடறாருன்னு." டீச்சரம்மா சிரிக்கவில்லை. "அங்க எல்லாரும் அப்பிடித்தான் கேப்பினம். சிரிக்கிறவைக்கு இந்தத் துண்டைக் காட்டு" என்று பிள்ளையின் கையிலேயே கொடுத்தார். அந்தப் பிள்ளை அதை இரண்டு நாள் பாவாடையில் முடிந்துகொண்டு திரிந்தது.

இன்னொரு நாள் 'ஏலாது' என்ற சொல்லை யாழ்ப்பாணம் என்று எழுதினோம். போலீஸ்காரர் மகள் எழுந்து, "எங்க வீட்லயும் ஏலாதுன்னுதான் சொல்லுவாவ" என்றது. அவர்கள் திருநெல்வேலி. டீச்சரம்மா துண்டை வாங்கி அடையாளத்தை அடித்துவிட்டு இரண்டு ஊரையும் எழுதினார். தான் எழுதியதைப் பிள்ளை சொல்லித் திருத்தியதில் அவருக்குச் சந்தோஷம்தான். அந்தக் குணத்தை நான் எந்த வாத்தியாரிடமும் பார்த்ததில்லை.

இதெல்லாம் நடந்தாலும் மானேஜரிடம் யாரும் போய் விளக்கவில்லை. பாகத்தை நான் அலமாரியில் பழைய இடத்தில் வைத்துவிட்டேன். அவர் அலமாரிப் பக்கமே வரவில்லை. பைண்டிங்கில் இருக்கிறது என்றே நினைத்திருந்தார். டீச்சரம்மா, "கேட்டால் சொல்லுவம்" என்று இருந்துவிட்டார். எனக்கு வாய் வரவில்லை.

இன்ஸ்பெக்டரம்மா ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத அம்மாள். பாடம் நடத்துவதை ஒரு மணி நேரம் கேட்டார். முகத்தில் குறை தெரியவில்லை. அப்புறம் கட்டுரை நோட்டுகளைக் கேட்டார். நான்தான் கொண்டுபோய் வைத்தேன். மூன்றாவது நோட்டில் நின்றார்.

"'என் தகப்பனார் கதிரையில் இருந்து கதைத்தார்.' இதற்கு என்ன அர்த்தம்?"

டீச்சரம்மா எழுந்து நின்றார். "நாற்காலியில் உட்கார்ந்து பேசினார் என்று அர்த்தம், அம்மா. அது எங்கள் ஊர் வழக்கு. நான் திருத்தியிருக்க வேண்டும். கவனிக்கவில்லை."

மானேஜர் முன்னால் வந்தார். "நானும் சொல்லிட்டுத்தான் இருக்கறனுங்க. அது தமிழே இல்லீங்க. தப்புங்க. அகராதியில பாக்கலாம்னா அந்தப் பாகம் பைண்டிங்குக்குப் போயிருக்குது."

கூடத்தில் முப்பது பிள்ளைகளும் என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. யாரும் பார்க்கவில்லை, எனக்குத்தான் அப்படி. டீச்சரம்மாவும் என் பக்கம் திரும்பவில்லை. நான் சும்மா நின்றிருந்தால் என் வேலைக்கு ஒன்றும் ஆகாது. அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போவார். கால் தானாக அலமாரிக்கு நடந்தது.

பாகத்தை மேசையில் வைத்தேன். "இங்கதான் இருக்குதுங்க. பைண்டிங்குக்குப் போகலைங்க. நான்தான் ஒளிச்சு வெச்சனுங்க."

மானேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னப்பா இது?" என்று மட்டும் சொன்னார். பக்கத்தைப் பிரித்துத் தேடினார். கதிரையைக் கண்டுபிடித்தார். அவர் விரலும் நேராக அந்தக் கொக்கி எழுத்தில் போய் நின்றது.

"பாருங்கம்மா. அடையாளம் போட்டு வெச்சிருக்கறாங்க."

நான் செய்த அதே பிழை. எனக்குப் பயம் போய்விட்டது. ஒருவேளை, எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தில் அவர் தடுமாறியதால் இருக்கலாம்.

"அது தப்புன்னு அடையாளம் இல்லைங்க. நானும் அப்படித்தான் நெனைச்சு ஒளிச்சு வெச்சன். முன்னாடி பக்கத்துல பாருங்க. யாழ்ப்பாணம்னு இருக்கும்."

அவர் முன்பக்கத்துக்குத் திருப்பவில்லை. இன்ஸ்பெக்டரம்மா புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துத் திருப்பினார். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ எது வரைக்கும் படிச்சிருக்கே?"

"அஞ்சாவதுங்க."

"தமிழே இல்லைன்னு சொன்னாரே, அதுக்கு என்ன சொல்றே?"

நான் டீச்சரம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். டீச்சரம்மாதான் சொன்னார்: "அது போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொல் அம்மா, அது உண்மைதான். ஆனால் மேசையும் அவர்களிடமிருந்துதான் வந்தது. ஜன்னலும் அப்படித்தான்."

இன்ஸ்பெக்டரம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் மகரப் பாகத்தை எடுத்துக் கொடுத்தேன். மேசையைப் பார்த்தார். அது எங்கிருந்து வந்தது என்று அங்கேயே இருந்தது. ஊர் அடையாளம் மட்டும் இல்லை.

"ஒரே கப்பல்ல ரெண்டும் வந்திருக்கு" என்றார் மானேஜரிடம். "ஒண்ணு எல்லாக் கரையிலயும் இறங்கியிருக்கு. ஒண்ணு அங்கேயே நின்னுடுத்து. இதுல தப்பு எங்கே வந்தது?"

மானேஜர் ககரப் பாகத்தைத் தன் பக்கம் இழுத்தார். "எங்க கல்லக்கா இதுல இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. தேடிட்டன்" என்றேன்.

"எங்க வூட்ல நாலு தலைமுறையா சொல்றோமே."

"அதனாலதான் துண்டு எழுதி வெச்சிருக்கிறமுங்க" என்று துண்டுகளைப் போட்டு வைத்திருந்த பெட்டியைக் காட்டினேன். இன்ஸ்பெக்டரம்மா ஒரு பிடி துண்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் படித்தார். சடக்கு என்ற துண்டில் ஒரு நிமிஷம் நின்றார். பெட்டியை மூடியபோது, பேச்சில் இல்லாத ஒரு மரியாதை அவர் கையில் இருந்தது.

ரிப்போர்ட்டில் ஒரு நிபந்தனை எழுதினார். பரீட்சையிலும் பதிவேடுகளிலும் பொது எழுத்து வழக்கையே பயன்படுத்த வேண்டும்: கதிரை வேண்டாம், நாற்காலி, திகதி வேண்டாம், தேதி. மற்றபடி இந்த ஆசிரியை தொடர்ந்து வேலை செய்யலாம். டீச்சரம்மா அதை உடனே ஒப்புக்கொண்டார். இன்ஸ்பெக்டரம்மாவின் வண்டி போன பிறகு பிள்ளைகளிடம், "எழுதேக்க நாற்காலி. வீட்டில என்ன சொல்லுவியளோ அதைச் சொல்லுங்கோ. எது எந்த இடத்துக்கு எண்டு தெரிஞ்சாக் காணும்" என்றார். காணும் என்றால் போதும் என்று அதற்குள் எங்களுக்குப் பழகியிருந்தது.

மானேஜர் என்னை வேலையிலிருந்து நீக்கவில்லை. ஆனால் மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. நான் செய்தது பொய்தான், அதனால் நானும் குறைப்படவில்லை. அந்த மூன்று வாரமும் அவர் பேத்தி மட்டும் தினம் ஒரு சொல் கொண்டுவந்தது. எல்லாம் அவர் அம்மா வாயிலிருந்து வந்த சொற்கள். கேட்டு எழுதச் சொல்லி அனுப்பியது யார் என்று நாங்கள் கேட்கவில்லை. கல்லக்காத் துண்டில் மட்டும் பதினொரு வீடுகள் சேர்ந்தன.

டீச்சரம்மா வகுப்பில் உட்கார அதுவரை ஒரு முக்காலிதான் இருந்தது. நான்காவது வாரம் ஒருநாள் காலை மானேஜர் மண்டி வண்டியிலிருந்து இறங்கினார். வண்டியில் வைக்கோலுக்கு நடுவே கைப்பிடி வைத்த, புதிதாக வார்னிஷ் அடித்த நாற்காலி ஒன்று இருந்தது.

"ஏப்பா, அந்தக் கதிரையை எறக்கி உள்ள போடு" என்றார். முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு சொன்னார்.

நான் இறக்கி உள்ளே போட்டேன். டீச்சரம்மா கையை அதன் முதுகில் ஒரு தடவை வைத்தார், பிறகு உட்கார்ந்தார். நான் பொருள் பதிவேட்டில் நாற்காலி, ஒன்று என்று எழுதினேன். மாலை ஒரு துண்டு எடுத்து, கதிரை என்று மேலே எழுதி, மானேஜர் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதினேன். ஊர் என்ற இடத்தில் கடத்தூர் என்று போட்டேன்.

டீச்சரம்மா அதைப் படித்தார். "ஒரு வீடுதானே அண்ணை" என்று ஊர்ப் பெயரை அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நான் அதைத் தனியாக எடுத்து வைத்தேன், இரண்டாவது வீடு கிடைக்கட்டும் என்று.